அப்பா வீட்டை தம்பியே எடுத்துக்கறேன்னு சொல்றான், ரேட் எப்படி போடறது?

உறையூர்க்காரி
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. திருச்சி உறையூர்ல எங்க அப்பா வீடு. இடம் 5 சென்ட், கீழ் வீடு 1100 சதுரடி 1986ல அப்பா கட்டினது. மாடி 600 சதுரடி, அதை 2009ல தம்பி பிஎஃப் எடுத்து கட்டினான், அது எங்க எல்லாருக்கும் தெரியும், மறுக்கல. அப்பா 2011ல தவறிட்டாங்க, அம்மா 2023ல. உயில் எதுவும் இல்ல. நாங்க மூணு பேர்: சேலத்துல பெரியக்கா, நடுவுல நான் (கோயம்புத்தூர்), கடைசி தம்பி. அவன் குடும்பத்தோட அந்த வீட்லயேதான் இருக்கான், வெளிய விக்க மனசு இல்ல, நானே எடுத்துக்கறேன் உங்க ரெண்டு பேருக்கும் காசு குடுத்துடறேங்கறான். எங்களுக்கும் அதுதான் ஆசை, அம்மா கோலம் போட்ட வாசல் வேற யார் கைக்கோ போக வேண்டாம்.

பிரச்சனை ரேட்டுதான். பேங்க்ல ஏதோ லோனுக்காக இன்ஜினியர் வந்து மதிப்பு போட்ட பேப்பர்னு தம்பி வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினான், 82 லட்சம்னு இருக்கு. அதுல மாடிக்கு நான் போட்ட 9 லட்சம் வட்டியோட இன்னிக்கு 25 லட்சம், அதைக் கழிச்சா 57, மூணா பிரிச்சா ஆளுக்கு 19 லட்சம்ங்கறான். அக்கா மருமகன் நெட்ல பார்த்துட்டு நம்ம ஏரியா சதுரடி 5500 போகுது, இடமே 1 கோடியே 20, கட்டடம் 20, ஆக 1.4 கோடி, ஆளுக்கு 46 லட்சம் கேளுங்கங்கறார். 19க்கும் 46க்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு இருக்கேன். தம்பியை ஏமாத்தவும் கூடாது நாங்க ஏமாறவும் கூடாது. யாராவது வழி சொல்லுங்க.

செல்வம்_திருவெறும்பூர்
மேடம் இதுல குழப்பமே வேண்டாம், கைடுலைன் வேல்யூன்னு அரசாங்கமே போட்டு வச்சிருக்கு. tnreginet.gov.in போயி தெரு பேர் போட்டா சதுரடிக்கு இவ்வளவுன்னு வந்துடும். அதை 5 சென்ட்டுக்கு பெருக்கி மூணா பிரிங்க. கோர்ட்டுக்கு போனாலும் அதைத்தான் பார்ப்பாங்க. நாளைக்கு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

பழைய சைட் இன்ஜினியர்
செல்வம் சார், பத்திரச் செலவு கணக்கு போட அது சரி, அதுக்குக் கீழ விலை காட்டினா வருமான வரியிலயும் கேள்வி வரும், அந்த அளவுக்கு கைடுலைன் முக்கியம்தான். ஆனா வீட்டோட விலை அது இல்ல. 2017 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க கைடுலைனை 33 சதவீதம் ஒரே ஆர்டர்ல குறைச்சாங்க, 2023 ஏப்ரல்ல திரும்ப பழைய இடத்துக்கே கொண்டுவந்தாங்க. அந்த ரெண்டு நாள்லயும் உறையூர்ல எந்த வீட்டு விலையும் மூணுல ஒரு பங்கு இறங்கவும் இல்ல ஏறவும் இல்ல. கோர்ட்டும் பாகப்பிரிவினை கேஸ்ல மார்க்கெட் விலை என்னன்னுதான் கேக்கும், அப்புறம் சாட்சியம் ஆதாரம்னு இழுக்கும்.

தங்கச்சி, முதல்ல ஒண்ணு கேக்கறேன். தம்பி அனுப்பின போட்டோ ரிப்போர்ட்டோட எத்தனாவது பக்கம்? பேங்க் வேல்யூயர் ரிப்போர்ட்ல கடைசில மூணு நாலு தொகை வரிசையா இருக்கும். கைடுலைன் மதிப்பு, மார்க்கெட் மதிப்பு, அப்புறம் "ரியலைசபிள்", அப்புறம் "டிஸ்ட்ரஸ்". டிஸ்ட்ரஸ்ங்கறது லோன் கட்டாம ஜப்தி பண்ணி அவசரமா ஏலம் விட்டா என்ன வரும்னு பேங்க் தன் பாதுகாப்புக்குக் கேக்கற தொகை. உங்க வீட்டை யாரும் ஏலம் விடல. முழு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்க.

உறையூர்க்காரி
அண்ணா நீங்க சொன்னதும் தம்பிகிட்ட கேட்டேன், மறுக்காம முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்பினான். நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. மார்க்கெட் 102 லட்சம், ரியலைசபிள் 92, டிஸ்ட்ரஸ் 82. கடைசி வரில இருந்ததால அதுதான் ஃபைனல்னு நினைச்சிருக்கான், பேங்க்ல லோன் பத்தி பேசறப்பவும் அந்த 82ஐ வச்சுத்தான் பேசினாங்களாம். அவன் வேணும்னு பண்ணல, அதுவே எனக்கு பெரிய நிம்மதி. அப்போ 102ன்னு வச்சுக்கலாமா?

வேளச்சேரி வாசி
எங்க வீட்லயும் இதே கதை. அப்பாவோட ஃபிளாட், நாலு பேர் பங்கு. யுடிஎஸ், அதாவது நிலத்துல எங்க ஃபிளாட்டுக்குன்னு இருக்கற பிரிக்காத பங்கு, 410 சதுரடிதான், அதை மட்டும் நில ரேட்டுல பெருக்கி பிரிச்சோம், கட்டடத்துக்கு காசே போடல, 25 வருஷம் பழசுன்னு. நீங்களும் யுடிஎஸ் எவ்வளவுன்னு பார்த்துட்டு அதை மட்டும் போடுங்க போதும்.

பழைய சைட் இன்ஜினியர்
வேளச்சேரி சார், இவங்களோடது தனி வீடு, 5 சென்ட்டும் இவங்களோடதுதான், யுடிஎஸ் பேச்சே இல்ல. ஃபிளாட்டுக்குமே அந்த முறை சரியில்லன்னு நினைக்கறேன், பக்கத்து ஃபிளாட் மொத்தமா என்ன விலைக்குப் போச்சுன்னுதான் பார்க்கணும், அதை தனியா பேசலாம்.

தங்கச்சி, 102ஐ அப்படியே எடுத்துக்காதீங்க, பேங்க் வேல்யூயர் பொதுவா கொஞ்சம் கைய இறுக்கித்தான் போடுவார். இந்த மாதிரி வீட்ல பத்துல எட்டு ஒன்பது பங்கு பணம் மண்ணுலதான் இருக்கு, அதனால நில ரேட்டை சரியா பிடிச்சுட்டா பாதி சண்டை முடிஞ்சது. நெட்ல இருக்கற 5500 கேக்கற விலை, வித்த விலை இல்ல. நாலு மாசமா அதே விளம்பரம் இருந்தா அந்த விலைக்கு ஆள் வரலன்னுதான் அர்த்தம்.

நான் என்ன பண்ணுவேன்னா, உங்க தெருவுலயும் அடுத்த தெருவுலயும் கடைசி ரெண்டு வருஷத்துல கைமாறின இடங்களோட சர்வே நம்பர் பிடிச்சு வில்லங்கம் போட்டுப் பார்ப்பேன், ஆன்லைன்ல காசில்லாம பார்க்கலாம். அதுல எழுதியிருக்கற கிரய விலையை நம்ப முடியாது, நிறைய பேர் கைடுலைனுக்குத்தான் எழுதறாங்க. ஆனா கிரயத்துக்கு அடுத்த வரியை பாருங்க. அதே நாள் இல்ல அதே வாரம் பேங்க்ல பத்திரம் வச்ச எம்ஓடி பதிவாகியிருந்தா அதுல லோன் தொகை இருக்கும். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டு லோன்ல பேங்க் மதிப்புல 80 சதவீதத்துக்கு மேல குடுக்க முடியாது, ரிசர்வ் பேங்க் ரூல். அதனால லோன் தொகையை 0.8ஆல வகுத்தா அந்த இடத்தை பேங்க் குறைஞ்சபட்சம் எவ்வளவா மதிச்சிருக்குன்னு வந்துடும். ஒரே ஒரு ஜாக்கிரதை, கட்டறதுக்கும் சேர்த்து வாங்கின லோனா இருந்தா கணக்கு தப்பாயிடும், அதை அக்கம்பக்கம் விசாரிச்சுக்கோங்க.

உறையூர்க்காரி
அண்ணா ரெண்டு நாளா இதே வேலைதான். தம்பியையும் வீடியோ கால்ல உக்கார வச்சு சேர்ந்தே பார்த்தோம், அது நல்லதாப் போச்சு. பின் தெருவுல 4 சென்ட், பழைய ஓட்டு வீட்டோட போன வருஷம் கைமாறியிருக்கு. கிரயம் 50 லட்சம்னு எழுதியிருக்கு, ஆனா மூணு நாள் கழிச்சு எம்ஓடி 60 லட்சத்துக்கு! தம்பிக்கு அந்த வீட்டுக்காரரை தெரியும், அந்த லோன் இடத்தை வாங்கறதுக்கு மட்டும்தானாம், கட்டறதுக்கு இல்லையாம், இன்னும் ஓட்டு வீடாவே வாடகைக்கு விட்டிருக்கார். 60ஐ 0.8ஆல வகுத்தா 75 லட்சம். 4 சென்ட்டுன்னா 1742 சதுரடி, அப்போ சதுரடி 4300 வருது. சரிதானா?

பழைய சைட் இன்ஜினியர்
சரிதான். ஓட்டு வீட்டுக்கு பெருசா மதிப்பு இருக்காது, அதனால அது கிட்டத்தட்ட மண்ணு விலைதான். அந்தத் தெரு அகலம் என்ன, உங்க தெரு அகலம் என்ன?

உறையூர்க்காரி
அது 20 அடி, எங்களது சந்து மாதிரி 14 அடி. கார் வரும், ஆனா எதிர்ல ஒரு வண்டி வந்தா யாராவது ஒருத்தர் பின்னால எடுக்கணும்.

பழைய சைட் இன்ஜினியர்
அப்போ அதுக்குக் கொஞ்சம் குறைக்கணும், ஒரு வருஷத்துல ஏறினதுக்குக் கொஞ்சம் கூட்டணும். தெரு குறுகல்ங்கறது வெறும் கார் பிரச்சனை இல்ல, நாளைக்கு இடிச்சுட்டு எத்தனை மாடி கட்ட அனுமதி கிடைக்கும்ங்கறதும் அதுல இருக்கு, வாங்கறவன் அதைத்தான் பார்ப்பான். நான் 4200ன்னு வைப்பேன், இன்னொருத்தர் 4000ன்னும் சொல்லலாம், 4400ன்னும் சொல்லலாம், அது வரைக்கும் நியாயமான வித்தியாசம். ஒரே ஒரு கிரயத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, இன்னும் ரெண்டு கிடைச்சா நல்லது. இப்போதைக்கு 4200ன்னா 2178 சதுரடிக்கு 91.5 லட்சம்.

இப்போ கட்டடம். கீழ் வீடு பில்லர் இல்லாம செங்கல் சுவர் மேல நிக்கற கட்டடம்தானே? நல்லா பராமரிச்சா அதுக்கு 60 வருஷம் ஆயுசு போடுவோம். இன்னிக்கு அதே வீட்டை அதே தரத்துல கட்ட சதுரடிக்கு 2000 ஆகும்னு வச்சா 22 லட்சம். 39 வருஷம் ஓடிடுச்சு. கடைசியில 10 சதவீதம் பழைய சாமான் மதிப்பா நிக்கும்னு விட்டுட்டு மிச்சம் 90ஐ 60 வருஷத்துல பங்கிட்டா, 39 வருஷத்துக்கு 58.5 சதவீதம் தேய்மானம். மிச்சம் 41.5 சதவீதம், அதாவது 9.1 லட்சம். மேல சீலிங்ல கம்பி துருப்பிடிச்சு காரை உதிருதா, சுவர்ல அடியில உப்பு பூக்குதா, அதெல்லாம் இருந்தா இன்னும் குறையும்.

மாடிதான் கவனிக்க வேண்டிய இடம். நிறைய பேர் மாடிக்கும் தனியா 60 வருஷம் போட்டு 16 வருஷ தேய்மானம் மட்டும் கழிப்பாங்க. 600 சதுரடி, 1900 ரேட், 11.4 லட்சம், அதுல 24 சதவீதம் போக 8.7 லட்சம்னு வரும். ஆனா மாடி நிக்கறது கீழ் வீட்டு சுவர் மேலதான். கீழுக்கு இன்னும் 21 வருஷம்தான் ஆயுசுன்னா மாடிக்கும் அவ்வளவுதான், காத்துல நிக்காது. அப்போ மாடியோட மொத்த ஆயுசு 16ம் 21ம் சேர்த்து 37 வருஷம், தேய்மானம் 39 சதவீதம், மிச்சம் 7 லட்சம்.

ஆக நிலம் 91.5, கீழ் 9.1, மாடி 7, மொத்தம் 107.6 லட்சம். மாடி தம்பி காசுல கட்டினதுன்னு நீங்களே ஒத்துக்கறதால அந்த 7ஐ அவருக்கு விட்டுட்டா பொதுச் சொத்து 100.6. ஆளுக்கு 33.5 லட்சம்.

நாலாவது வீடு
நான் அந்த தம்பி இடத்துல இருந்தவன், அதனால எழுதறேன். மாடிக்கு 7 லட்சம்ங்கறது எப்படி நியாயம்? 2009ல 9 லட்சம் போட்டவன் அதை பேங்க்ல போட்டிருந்தாலே மூணு மடங்கு ஆயிருக்கும். அது போக அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு ராத்திரி ராத்திரி எழுந்திரிச்சது, வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் எல்லாம் அவன்தான். அக்காங்க தீபாவளிக்கு வந்துட்டு போவாங்க. எங்க வீட்ல யாரும் இதை கணக்குல எடுக்கல, எனக்கு அது இன்னும் ஆறல.

பழைய சைட் இன்ஜினியர்
தம்பி, உங்க வலி புரியுது. ஆனா பேங்க்ல போட்ட பணம் வேற, வீட்ல போட்ட பணம் வேற. அந்த மாடியில 16 வருஷம் அவர் குடும்பம் இருந்திருக்கு, இல்ல வாடகை வாங்கியிருப்பார், அதுதான் அந்தப் பணத்தோட வட்டி. வட்டியும் அனுபவமும் ரெண்டையும் ஒரே காசுக்கு கேட்டா ரெண்டு தடவை ஆயிடும். அதனாலதான் போட்ட தொகையை விட்டுட்டு இன்னிக்கு அந்த மாடியால வீட்டு விலை எவ்வளவு கூடுதுன்னு மட்டும் பார்க்கறோம். வீட்டு வரி, பெரிய ரிப்பேர் ரசீது இருந்தா அதைத் தனியா மூணா பங்கு போட்டு அக்காங்க குடுக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கிட்டதுக்கு மட்டும் இன்ஜினியர் ரேட் போட முடியாது, அதை அக்காங்க மனசார விட்டுக் குடுக்கணும், அதுவும் வீட்டு மதிப்பைக் குறைச்சு இல்ல, மதிப்பை சரியா போட்டுட்டு என் பங்குல இவ்வளவு விடறேன்னு வெளிப்படையா சொல்லணும். மதிப்பையே குறைச்சுட்டா யார் என்ன விட்டாங்கன்னே நாளைக்குத் தெரியாது.

சேலம்_ராணி
அப்போ தம்பி இத்தனை வருஷம் வாடகை இல்லாம கீழ இருந்ததுக்கு அக்காங்களுக்கு வாடகைல பங்கு தரணுமே? அதையும் கூட்டுங்க. பொண்ணுங்கன்னா எப்பவும் விட்டுக் குடுக்கணுமா?

பத்திர ஆபீஸ் அனுபவஸ்தன்
ராணி மேடம், அம்மா இருந்த வரைக்கும் அந்தப் பேச்சு வராது. அதுக்கப்புறமும், அக்காங்களை வராதேன்னு தடுத்தாத்தான் கேக்கலாம், கூட்டுச் சொத்துல ஒரு பங்குதாரர் குடியிருந்தாலே வாடகை கடன்பட்டவர்னு ஆயிடாது. வெளியாளுக்கு வாடகைக்கு விட்டு வாங்கின பணம்னா கதை வேற, அதுல பங்கு உண்டு.

பத்திரம் பத்தி ரெண்டு வார்த்தை. இதுக்கு கிரயப் பத்திரம் வேண்டாம், அக்கா தங்கச்சி தன் பங்கை தம்பிக்கு விடற விடுதலைப் பத்திரம் போதும், குடும்பத்துக்குள்ளங்கறதால முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் உச்சபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்னாடி இது 25,000மும் 4,000மா இருந்துச்சு. ரெண்டு பேர் ஒரே பத்திரத்துல விட்டா ஒரு கணக்கா ரெண்டு கணக்கான்னு உங்க சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க. வாரிசு சான்றிதழ் அப்பாவுக்கும் வேணும், அம்மாவுக்கும் வேணும், நிறைய பேர் அப்பாவோடதை மட்டும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க.

இன்னொண்ணு, பத்திரத்துல கம்மியா காட்டிட்டு மிச்சத்தை கையில குடுக்கறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. சொத்து விஷயத்துல 20,000மும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும். அபராதம் வாங்கினவங்களுக்கு, அதாவது அக்காங்களுக்கு.

உறையூர்க்காரி
வாங்கற பணத்துக்கு எங்களுக்கு வரி உண்டா அண்ணா? பூர்வீகச் சொத்துக்கு வரி இல்லன்னு அக்கா மருமகன் சொன்னார்.

பத்திர ஆபீஸ் அனுபவஸ்தன்
சொத்து வாரிசா வந்தப்போ வரி இல்ல, அதைத்தான் அவர் சொல்றார் போல. காசு வாங்கிட்டு பங்கை விட்டா அது விற்பனை மாதிரிதான், லாபத்துக்கு வரி உண்டு. 2001 ஏப்ரல் 1ம் தேதி அந்த வீடு என்ன மதிப்புன்னு பழைய கைடுலைனுக்கு மேல போகாம எடுத்து, அதை அடக்க விலையா வைக்கலாம். உங்க பங்குக்கு அது 2.5 லட்சம்னு வந்தா, 33.5ல அது போக 31 லட்சம் லாபம், 12.5 சதவீதம்னா 3.9 லட்சம் கிட்ட, செஸ் தனி. பழைய முறைல விலைவாசி ஏத்தி 20 சதவீதம் கட்டற வழியும் உங்களுக்கு இருக்கு, ரெண்டையும் போட்டு எது கம்மியோ அதைக் கட்டுங்க. வேற வீடு வாங்கறதா இருந்தா இன்னும் குறையும், ஆடிட்டர்கிட்ட போங்க. ஆக, கையில நிக்கறது 33.5 இல்ல, 29 சொச்சம்னு மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க.

செல்வம்_திருவெறும்பூர்
கைடுலைன் பத்தி நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன், எம்ஓடி விஷயம் எனக்கு புதுசு. ஆனா ஒரு சந்தேகம். பிரிக்காத பங்கை வெளில யாருமே வாங்க மாட்டான், வாங்கினாலும் 20, 25 சதவீதம் கம்மியாத்தான் கேப்பான். அப்போ தம்பி மட்டும் ஏன் முழு விலை தரணும்?

பழைய சைட் இன்ஜினியர்
வெளியாள் வாங்கினா அவனுக்கு கிடைக்கறது மூணுல ஒரு பங்கும் ஒரு கேஸும், அதனால கம்மியா கேப்பான். தம்பி வாங்கினா அவர் கைக்கு முழு வீடும் தடையில்லாத பத்திரமும் வருது. அந்தக் குறை அவர் வாங்கற நிமிஷத்துலயே போயிடுது, அதனால அதுக்கு தள்ளுபடி கிடையாது. வெளில வித்திருந்தா தரகு ஒண்ணு ரெண்டு சதவீதம் போயிருக்கும் இல்லையா, அதை வேணா தம்பியும் அக்காங்களும் பாதிப் பாதி எடுத்துக்கலாம். அது சட்டம் இல்ல, என் அபிப்பிராயம்.

நாலாவது வீடு
எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு, ஒருத்தர் பங்கு பிரிக்கணும், இன்னொருத்தர் முதல்ல எடுக்கணும். அதே மாதிரி தம்பியே ஒரு விலை சொல்லட்டும், அந்த விலைக்கு அக்காங்க விக்கவும் செய்யலாம் வாங்கவும் செய்யலாம்னு வச்சா அவன் குறைச்சு சொல்ல மாட்டான்ல?

சேலம்_ராணி
கையில 67 லட்சம் இருக்கறவங்களுக்குத்தான் அது சரிப்படும். அக்காங்க வாங்க முடியாதுன்னு தெரிஞ்சா அவர் தைரியமா குறைச்சே சொல்லுவார்.

உறையூர்க்காரி
ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். போன ஞாயிறு மூணு பேரும் அந்த வீட்லயே உக்காந்து பேசினோம். முதல்ல எங்க மூணு பேருக்கும் தெரியாத ஒரு பதிவு பெற்ற வேல்யூயரை சேர்ந்து போட்டு ஃபீஸை மூணா பிரிச்சோம். லோனுக்கு இல்ல, பாகம் பிரிக்க, இன்னிய தேதிக்கு மார்க்கெட் மதிப்பு மட்டும் வேணும்னு எழுதியே குடுத்தோம், நிலம், கீழ் வீடு, மாடி தனித்தனியா காட்டச் சொன்னோம். அவர் நிலத்துக்கு 4150 போட்டிருக்கார், கீழ் சமையலறை சீலிங்ல கம்பி வெளிய தெரியறதால கீழ் வீட்டுக்கு 8.4. அதுல எங்களுக்குள்ள சண்டை இல்ல. மாடிக்கு அவரும் 8.7தான் போட்டிருக்கார், அண்ணா சொன்ன கணக்கை காமிச்சேன், கீழ் வீட்டை பலப்படுத்தினா மாடியும் நிக்கும்னு சொல்றார்.

பழைய சைட் இன்ஜினியர்
பலப்படுத்தற செலவு யாரோடதுன்னு கேளுங்க. தம்பியோடதுன்னா 8.7 சரி, அந்தச் செலவை கீழ் வீட்ல ஏற்கெனவே கழிச்சுட்டார்னா மாடில 8.7 விடறது ரெண்டு தடவை ஆகும். எப்படியும் 1.7 லட்சம்தான் வித்தியாசம், ஆளுக்கு 57,000.

உறையூர்க்காரி
அது தெரியும் அண்ணா, அக்கா விட்டுடலாம்ங்கறாங்க, நான் இன்னும் யோசிக்கறேன். இப்போ வேற ஒரு கேள்வி. தம்பி லோன் வர நாலு மாசம் ஆகலாம்ங்கறான், அது வரைக்கும் இந்த ரேட்டே நிக்கணுமா? முதல்ல நீங்க கையெழுத்து போட்டாத்தான் பேங்க் லோன் குடுக்கும்னும் சொல்றான்.

பத்திர ஆபீஸ் அனுபவஸ்தன்
ரேட்டை ஒரு தேதி போட்டு ஒப்பந்தமா எழுதி பதிவு பண்ணுங்க, ஆறு மாசம் தாண்டினா நிலத்தை மட்டும் திரும்ப பார்க்கலாம்னு ஒரு வரி சேருங்க. கையெழுத்து விஷயத்துல மட்டும் இறங்காதீங்க. லோன் சாங்ஷன் ஆனதும் உங்க ரெண்டு பேர் பேர்லயும் பேங்கே டிடி எடுத்துட்டு பதிவு அன்னிக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு ஆள் அனுப்பும், கிரயத்துக்கு பண்ற மாதிரியேதான். டிடி நம்பர் பத்திரத்துல ஏறணும். அந்த நம்பர் எழுதாத டிராஃப்ட்டை யார் நீட்டினாலும் பேனா எடுக்காதீங்க மேடம்.

உறையூர்க்காரி
சரிங்க. தம்பிகிட்ட இன்னிக்கு ராத்திரியே இதை காமிச்சுடறேன், அவனும் இந்த இழையை முதல்லேர்ந்து படிச்சுக்கிட்டுதான் இருக்கான்.